கணக்கியல் தரநிலைகளைச் சீனத்தில் பெயர்க்கும்போது: எந்த எழுத்து, எந்த நிலத்துச் சொல்

ஒரு குழுமத்தின் 'ஒருங்கிணைந்த விரிவான வருமான அறிக்கை' என்ற தலைப்பைச் சீனத்தில் எழுத வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகளைச் சீனப் பெருநிலத்தின் சொற்களில் எழுதுபவர் 合并综合收益表 என்று எழுதுவார். தைவானில் அது 合併綜合損益表 ஆகும். ஹாங்காங்கிலோ 綜合全面收益表 என்றாகும். மூன்றிலும் 綜合 என்ற சொல் இருக்கிறது (எளிய எழுத்தில் 综合, ஏறத்தாழ 'ட்சோங்-ஹ' என்று ஒலிக்கும்). பெருநிலத்திலும் தைவானிலும் அது 'விரிவான' என்ற பொருளைத் தருகிறது, ஹாங்காங்கில் 'ஒருங்கிணைந்த' என்ற பொருளைத் தருகிறது. ஒரே சொல் அறிக்கையின் இரு வேறு பண்புகளைக் குறிக்கிறது. எழுத்து மாற்றும் மென்பொருள் எவ்வளவு துல்லியமாக இயங்கினாலும் இந்த வேறுபாட்டை அதனால் காண முடியாது, ஏனெனில் அதன் பார்வையில் 综合 என்பதன் மரபு வடிவம் 綜合 மட்டுமே.

எளிய எழுத்தா மரபு எழுத்தா என்று மட்டும் கேட்டுவிட்டுத் தரநிலை மொழிபெயர்ப்பைத் தொடங்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். எழுத்து ஒரு முடிவு, சொல்வழக்கு வேறொரு முடிவு. இரண்டையும் தனித்தனியே எடுத்து, தனித்தனியே எழுதி வைத்து, தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

முதல் படி: படிப்பவர் எந்தத் தரநிலையின் கீழ் இருக்கிறார் என்று கேளுங்கள்

வேலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் 'மரபுச் சீனம் வேண்டும்' என்று மட்டுமே சொல்வார். அந்த விடை போதாது. கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆவணம் எந்தத் தரநிலையின்படி தயாரான கணக்குகளைப் பற்றியது, அதன் சீன வடிவத்தை வெளியிடும் அமைப்பு எது என்பதுதான்.

பெருநிலத்தில் நிதி அமைச்சகம் 2006 பிப்ரவரியில் தன் புதிய நிறுவனக் கணக்கியல் தரநிலைகளை வெளியிட்டது. பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு அவை 2007 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. இவை பன்னாட்டுத் தரநிலைகளை நெருங்கியவை என்றாலும் அவற்றின் மொழிபெயர்ப்பு அல்ல. பன்னாட்டுத் தரநிலைகளின் எளிய எழுத்து மொழிபெயர்ப்பைச் சீனக் கணக்கியல் தரநிலைக் குழு செய்கிறது. தைவானில் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2013 முதல் பன்னாட்டுத் தரநிலைகளுக்கு மாறத் தொடங்கின. அங்கே கணக்கியல் ஆய்வு வளர்ச்சி அறக்கட்டளை அவற்றை மரபு எழுத்தில் பெயர்க்கிறது, நிதி மேற்பார்வை ஆணையம் ஏற்பு வழங்குகிறது. ஹாங்காங்கில் கணக்காளர் கழகம் ஹாங்காங் நிதி அறிக்கைத் தரநிலைகளை வெளியிடுகிறது. 2005 ஜனவரியிலிருந்து இவை பன்னாட்டுத் தரநிலைகளோடு ஒன்றிப் போகின்றன.

இந்தத் தகவல்களை விரித்துச் சொல்வதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. எளிய எழுத்துக்குள்ளேயே இரண்டு சொல்வழக்குகள் இருக்கின்றன. பன்னாட்டுத் தரநிலையில் 'நிலம், ஆலை, உபகரணம்' என்று வரும் சொத்தினத்துக்குப் பெருநிலத்தின் சொந்தத் தரநிலை 固定资产, அதாவது 'நிலையான சொத்து' என்கிறது. பன்னாட்டுத் தரநிலையின் சீன வடிவமோ 不动产、厂场和设备 என்று பகுதிகளைப் பிரித்துச் சொல்கிறது. நிதிநிலையைக் காட்டும் முதன்மை அறிக்கையும் ஒன்றில் 资产负债表, மற்றதில் 财务状况表. ஆகவே 'எளிய எழுத்து' என்று முடிவான பிறகும் எந்தத் தரநிலையின் சொல் என்ற கேள்வி மிச்சமிருக்கும்.

சிங்கப்பூரையும் மலேசியாவையும் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரு நாடுகளிலும் தரநிலைகள் ஆங்கிலத்தில் வெளியாகின்றன; சீனப் படி பங்குதாரர்களின் வசதிக்காகத் தரப்படுவது. எழுத்து எளியது. சொற்களுக்கு உள்ளூர் அதிகார நூல் கிடையாது என்பதால், பெருநிலத்தின் பன்னாட்டுத் தரநிலை மொழிபெயர்ப்பை அடிப்படையாக எடுத்துக்கொள்வதாகத் தொடக்கத்திலேயே எழுத்தில் ஒப்புக்கொண்டு நகர்வது நல்லது.

இரண்டாம் படி: எழுத்தையும் சொல்வழக்கையும் வேறுவேறு கட்டங்களில் எழுதுங்கள்

இரண்டும் ஏன் ஒரே கட்டத்துக்குள் அடங்காது என்பதைக் காட்ட ஹாங்காங் பங்குச்சந்தையே போதும். 2010 டிசம்பரிலிருந்து, அங்கே பட்டியலிட்ட பெருநில நிறுவனங்கள் பெருநிலத் தரநிலைகளின்படியே கணக்குகளைத் தர அச்சந்தை அனுமதிக்கிறது. அப்படித் தரும் நிறுவனத்தின் ஆண்டறிக்கை ஹாங்காங் வாசகருக்காக மரபு எழுத்தில் அச்சாகிறது. ஆனால் உள்ளே 合併資產負債表, 公允價值 என்று பெருநிலச் சொற்கள் நிற்கின்றன. அதே சந்தையில் ஹாங்காங் தரநிலையின்படி கணக்குத் தரும் நிறுவனத்தின் அறிக்கையில் 綜合財務狀況表, 公平值 என்று இருக்கும். இரண்டும் சரி. முதல் அறிக்கையைத் திருத்த வந்தவர் 'இது ஹாங்காங் ஆவணம்' என்று எண்ணி 合併 எல்லாவற்றையும் 綜合 ஆக்கினால், நிறுவனம் தன் தரநிலையில் இல்லாத சொற்களால் கணக்கெழுதியதாக ஆகிவிடும்.

ஆகவே ஆவணத்தின் தலைப்பக்கத்திலோ வேலைக் கோப்பிலோ நான் இரண்டு வரிகளைத் தனித்தனியே எழுதுவேன். முதல் வரி எழுத்துக்கான மொழிக் குறியீடு: `zh-Hans-CN`, `zh-Hant-TW`, `zh-Hant-HK` ஆகியவற்றில் ஒன்று. இரண்டாம் வரி சொற்பட்டியலின் பெயர்: பெருநிலத் தரநிலை, பன்னாட்டுத் தரநிலையின் எளிய எழுத்து வடிவம், தைவான் வடிவம், ஹாங்காங் வடிவம் ஆகிய நான்கில் ஒன்று. மேலே சொன்ன பெருநில நிறுவனத்தின் ஹாங்காங் அறிக்கைக்கு முதல் வரி `zh-Hant-HK`, இரண்டாம் வரி பெருநிலத் தரநிலை. மொழிக் குறியீடு மட்டும் இதைத் தாங்காது.

அந்தக் குறியீட்டைக் கோப்பில் உண்மையிலேயே இட்டு வைப்பதும் பயனுடையது. ஒரே எழுத்தின் கோட்டு வடிவமும், அரைப்புள்ளி முற்றுப்புள்ளிகள் கட்டத்தின் நடுவில் நிற்பதா இடக்கீழ் மூலையில் நிற்பதா என்பதும் நிலத்துக்கு நிலம் மாறுகின்றன. குறியீடு இல்லாவிட்டால் எழுத்துரு தன் விருப்பப்படி தேர்ந்துகொள்ளும்.

மூன்றாம் படி: வெளியான சொல்லை எடுங்கள், புதிதாக ஆக்காதீர்கள்

பன்னாட்டுத் தரநிலைகளின் உரை காப்புரிமைக்கு உட்பட்டது. அதைப் பெயர்க்கவும் வெளியிடவும் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகள் அறக்கட்டளையின் அனுமதி வேண்டும். அதன் முறைப்படி முதலில் முக்கியச் சொற்களின் பட்டியல் மொழிபெயர்க்கப்பட்டு, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட கணக்கியல் வல்லுநர்களின் குழுவால் பார்க்கப்படுகிறது. உரை அதன் பிறகே வருகிறது. பயிற்சிக் கையேடோ, கணக்குக் கொள்கைக் குறிப்போ, தணிக்கையாளருக்கான விளக்கமோ எழுதும் நமக்கு இந்த வரிசை ஒரு நல்ல பாடம். உரையைத் தொடும் முன்பே சொற்பட்டியலைப் பூட்டிவிட வேண்டும்.

பட்டியலை எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் பலரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள். அகரவரிசையில் ஐந்நூறு சொற்களைத் திரட்டுவதில் பயன் குறைவு. 'சரக்கிருப்பு' 存貨 என்றும் 'பணப்பாய்வு அறிக்கை' 現金流量表 என்றும் எங்கும் ஒன்றுபோலவே வழங்குகின்றன. அவை யாரையும் தடுக்கி விழ வைப்பதில்லை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்து பொருளில் மாறும் சொற்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். என் அனுபவத்தில் அவை மிகச் சிலவே, ஆனால் பெரும் சேதத்தை விளைவிப்பவை அவைதான்.

綜合 பற்றி மேலே சொன்னேன். அடுத்தது 收益. பெருநிலத்திலும் தைவானிலும் பன்னாட்டுத் தரநிலையின் உரையில் அது 'வருமானம்' என்ற பெரிய வகுப்பைக் குறிக்கிறது. வாடிக்கையாளரிடமிருந்து வரும் விற்பனை வருவாய் 收入. ஹாங்காங் அறிக்கைகளில் 收益 என்பது பல நேரங்களில் அந்த விற்பனை வருவாயையே குறிக்கும். ஹாங்காங் அறிக்கையின் முதல் வரியிலுள்ள 收益 என்ற சொல்லைத் தைவான் கையேட்டில் அப்படியே விட்டுவைத்தால், வட்டி, விற்பனை இலாபம் முதலியன சேர்ந்த மொத்த வருமானம் என்று அங்குள்ளவர் படிப்பார்.

மூன்றாவது 關聯企業. தைவானில் இதற்குத் திட்டவட்டமான பொருள் உண்டு: முதலீட்டாளருக்குக் கணிசமான செல்வாக்கு இருக்கும் இணை நிறுவனம். பெருநிலத்தில் இணை நிறுவனம் 联营企业. 关联 என்ற வேர் அங்கே 'தொடர்புடைய தரப்பு' என்ற கருத்தோடு கட்டுண்டது. தைவானில் தொடர்புடைய தரப்பு 關係人. ஆக, தைவான் உரையிலுள்ள 關聯企業 எழுத்து மட்டும் மாறி 关联企业 ஆகிப் பெருநிலத்துக்குப் போனால், இணை நிறுவனத்தில் செய்த முதலீட்டைப் பற்றிய பத்தி, தொடர்புடைய தரப்புகளைப் பற்றிய பத்தியாக வாசிக்கப்படும். இதில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்காது. எந்தச் சரிபார்ப்பானும் கோடிட்டுக் காட்டாது.

பொருள் குழப்பத்தை உண்டாக்காவிட்டாலும் 'இவர் வெளியூர்க்காரர்' என்று காட்டிக்கொடுக்கும் சொற்கள் அதற்கு அடுத்த வரிசையில் வருபவை. கணக்கில் ஏற்றல், அளவிடல், வெளிப்படுத்தல் என்ற மூன்று வினைகளுக்கும் பெருநிலம் 确认, 计量, 披露 என்கிறது. தைவான் 認列, 衡量, 揭露 என்கிறது. இந்த மூன்றும் தரநிலையின் ஏறத்தாழ எல்லாப் பத்தியிலும் வருவதால், இவற்றைச் சரியாக வைத்தாலே உரை பாதி தைவானிய உரையாகிவிடும். இடர்காப்புக் கணக்கியல் என்பதற்குப் பெருநிலத்தில் 套期, ஹாங்காங்கில் 對沖, தைவானில் 避險 என்று மூன்று வேறு வேர்கள் உள்ளன.

நான்காம் படி: ஒரு வாக்கியத்தை மூன்று நிலத்துக்கும் எழுதிப் பாருங்கள்

பட்டியல் பூட்டியதும், நீண்ட உரைக்குள் போகும் முன் ஒரே ஒரு வாக்கியத்தை முழுதாகச் செய்து பார்ப்பது என் வழக்கம். 'குழுமம் தன் முதலீட்டுச் சொத்துகளை நியாய மதிப்பில் அளவிடுகிறது. நியாய மதிப்பின் மாற்றங்கள் இலாப நட்டத்தில் ஏற்றப்படுகின்றன' என்ற கருத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே முதலீட்டுச் சொத்து என்பது வாடகைக்காகவோ மதிப்புயர்வுக்காகவோ வைத்திருக்கும் நிலமும் கட்டடமும்.

பெருநிலத்துக்கு:

```
本集团以公允价值计量投资性房地产，公允价值变动计入当期损益。
```

இதில் எழுத்தை மட்டும் மாற்றினால்:

```
本集團以公允價值計量投資性房地產，公允價值變動計入當期損益。
```

இது பிழையற்ற மரபு எழுத்து. மேலே சொன்ன பெருநில நிறுவனத்தின் ஹாங்காங் அறிக்கைக்கு இதுவே வேண்டியதும்கூட. ஆனால் ஹாங்காங் தரநிலைப்படி எழுதுபவர் இப்படி எழுதமாட்டார். அவர் எழுதுவது:

```
本集團的投資物業按公平值計量，公平值變動於損益確認。
```

தைவானில்:

```
本集團之投資性不動產採公允價值衡量，公允價值變動認列於損益。
```

சொத்தின் பெயர் மூன்று நிலத்தில் மூன்றாக இருப்பதைக் கவனியுங்கள்: 房地产, 物業, 不動產. நியாய மதிப்பில் பெருநிலமும் தைவானும் ஒன்றுபடுகின்றன, ஹாங்காங் விலகி நிற்கிறது. அளவிடலில் பெருநிலமும் ஹாங்காங்கும் ஒன்றுபடுகின்றன, தைவான் விலகுகிறது. மரபு எழுத்தைப் பயன்படுத்துவதால் தைவானும் ஹாங்காங்கும் ஒரு கட்சி என்ற எண்ணம் இந்த ஒரு வாக்கியத்திலேயே உடைந்துபோகிறது. தைவான் உரையில் வரும் 之 என்ற பழைய இணைப்புச் சொல்லும் நடையின் பகுதியே. அதை 的 என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் தரநிலை உரையின் தொனி தளர்ந்துவிடும்.

ஐந்தாம் படி: மாற்றும் வேலையை வரிசையறிந்து செய்யுங்கள்

ஒரு நிலத்துக்குச் செய்த உரையிலிருந்து மற்றொரு நிலத்துக்கு மாற்ற வேண்டிய நிலை அடிக்கடி வரும். அப்போது சொற்களை முதலில் மாற்றுங்கள், எழுத்தைப் பிறகு மாற்றுங்கள். சொற்களை மாற்றும்போதும் வரிசை உண்டு. அதைத் தவறவிட்ட கோப்பு ஒன்றைத் திருத்த எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பெருநிலத்திலிருந்து ஹாங்காங்குக்குப் போகையில் இரண்டு மாற்றங்கள் தேவை: 综合 என்பது 全面 ஆக வேண்டும், 合并 என்பது 綜合 ஆக வேண்டும். இரண்டாவதை முதலில் செய்தால், 合并综合收益表 என்பது 综合综合收益表 ஆகும்; அடுத்த மாற்றம் இரண்டையும் பிடித்து 全面全面收益表 என்று ஆக்கிவிடும். அந்த இரட்டிப்பு கண்ணில் படும். 合并财务报表 என்பதோ முதலில் 综合财务报表 ஆகி, பிறகு சத்தமில்லாமல் 全面财务报表 ஆகிவிடும். எந்த நிலத்திலும் வழக்கில்லாத ஒரு அறிக்கை பிறக்கும். ஆகவே எப்போதும் 综合 முதலில்:

```
sed -e 's/综合收益/全面收益/g' \
    -e 's/合并财务/综合财务/g' \
    -e 's/合并全面/综合全面/g' cn.txt > tmp.txt
opencc -i tmp.txt -o hk.txt -c s2hk.json
```

இங்கே 合并 என்ற ஈரெழுத்தைத் தனியே மாற்றாமல், அதை அடுத்து வரும் சொல்லோடு சேர்த்தே மாற்றியிருப்பதைப் பாருங்கள். நிறுவனங்கள் இணைவதைப் பற்றிய தரநிலையிலும் 合并 வருகிறது. அங்கே ஹாங்காங்கும் 合併 என்றே சொல்கிறது, 業務合併 என்று. கண்ணை மூடிக்கொண்டு எல்லா 合并-ஐயும் மாற்றினால், நிறுவன இணைப்பு என்பதே 'ஒருங்கிணைந்த வணிகம்' போல ஏதோ ஒன்றாகிவிடும்.

எழுத்து மாற்றத்தில் கவனிக்க வேண்டியது, எளிய வடிவம் ஒன்று மரபு வடிவம் பலவாகப் பிரியும் இடங்கள். 1956-இல் தொடங்கிய எளிமையாக்கம் பல எழுத்துகளை ஒன்றாக இணைத்தது. திரும்பிப் போகையில் எது எது என்று சூழலைக் கொண்டே அறிய வேண்டும். கணக்கியலில் அடிக்கடி அகப்படுபவை சிலவே. 准则 என்பது 準則, ஆனால் 批准 மாறாது. 余额 என்பது 餘額. 复利 என்பது 複利, ஆனால் 恢复 என்பது 恢復. 日历年度 என்பது 日曆年度, ஆனால் 历史成本 என்பது 歷史成本. இவற்றுள் நான் குறிப்பாகத் தேடுவது 编制. கணக்குகளைத் 'தயாரித்தல்' என்ற பொருளில் அது 編製 ஆக வேண்டும். 編制 என்றே விட்டால், தைவான் வாசகருக்கு அது ஓர் அலுவலகத்தின் பணியிட எண்ணிக்கையை நினைவூட்டும் சொல்லாகும். கணக்குப் புத்தகத்தைக் குறிக்கும் எழுத்தும் இப்படிப் பிரிகிறது: பெருநிலத்தின் 应收账款 தைவானில் 應收帳款, ஹாங்காங்கில் 應收賬款.

மரபிலிருந்து எளியதற்கு வரும்போது எழுத்தில் சிக்கல் குறைவு. அதனாலேயே ஆபத்து கூடுதல். எழுத்து தடையின்றி மாறிவிடுவதால் உரை முடிந்துவிட்டது போலத் தோன்றும். தைவானின் 认列, 衡量, 揭露 மூன்றும் எளிய எழுத்தில் அழகாக உட்கார்ந்திருக்கும்.

ஆறாம் படி: இருக்கக்கூடாத சொல்லைத் தேடுங்கள்

முடிந்த உரையைப் படித்துப் பார்ப்பதோடு நிற்காமல், மற்ற நிலங்களின் அடையாளச் சொற்களைத் தேடி எடுப்பது மிகவும் பலன் தரும் சோதனை. ஹாங்காங் தரநிலைக் கோப்புக்கு:

```
grep -nE '合併|公允價值|房地產|套期|認列|揭露|編制' hk.txt
```

கிடைக்கும் ஒவ்வொரு வரியும் பிழை என்று கொள்ளக்கூடாது. 業務合併 உள்ள வரிகள் நியாயமானவை. ஒரு பெருநிலத் தரநிலையின் தலைப்பை மேற்கோளாகச் சுட்டும் வரியில் அதன் சொல் அப்படியே இருக்க வேண்டும். ஆகவே முடிவுகளை ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், தானாக மாற்றக்கூடாது. தைவான் கோப்புக்கு 確認, 計量, 披露, 物業, 對沖 என்று தேடலாம். 確認 பொதுவழக்கில் 'உறுதிசெய்தல்' என்றும் வருவதால் அதிலும் கண் வேண்டும்.

சொற்கள் தேறிய பின் பணத்தொகையின் அலகைப் பாருங்கள். தைவான் அறிக்கைகள் ஆயிரத்தை 仟元 என்று எழுதுகின்றன. மற்ற இரு நிலங்களில் 千元, 千港元 என்று வழக்கமான 千 வருகிறது. மேற்கோள் குறிகள் பெருநிலத்தில் “ ” என்றும் மரபு எழுத்து நிலங்களில் 「 」 என்றும் வரும்.

கடைசிப் பார்வையைக் கொடுக்க வேண்டியவர் அந்த நிலத்தில் கணக்கெழுதும் ஒருவர். சீனம் நன்கறிந்த பொதுத் திருத்துநர் தைவான் உரையில் 綜合財務報表 என்று வந்தாலும் குறைசொல்ல மாட்டார், ஏனெனில் மொழியில் குறையில்லை. அந்தக் கணக்காளரிடம் முழு உரையையும் கொடுத்து 'சரியா' என்று கேட்பதைவிட, சொற்பட்டியலின் பெயரையும், அது எந்த ஆண்டுப் பதிப்பைத் தழுவியது என்பதையும் சொல்லி, அதிலிருந்து விலகும் இடங்களை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். பதிப்பாண்டு அவசியம், ஏனெனில் சொற்களும் நகர்கின்றன: தைவானில் நியாய மதிப்பு முன்பு 公平價值 என்றிருந்தது, இப்போது 公允價值. பழைய கையேட்டில் கற்ற திருத்துநர் புதிய சொல்லை அயல்நிலத்துச் சொல் என்று அடிக்கக்கூடும். அப்போது பட்டியலின் பதிப்பை எடுத்துக்காட்டித்தான் அந்த வரியைக் காப்பாற்ற முடியும்.